இணையதளமும் மென்பொருளும்: சொத்தாகக் காட்டுவதா, செலவாக எழுதுவதா? சிறு நிறுவனங்களின் கேள்விகள்

ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரத்தில் சிறு நிறுவன உரிமையாளர்களும் அவர்களுடைய கணக்காளர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள், இந்தியாவில் ‘இண்ட் ஏ.எஸ்.’ பொருந்தாத, ஏ.எஸ். எனப்படும் கணக்கியல் தரநிலைகளின்படி கணக்கு எழுதும் சிறு தனியார் கம்பெனிகளுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் உரியவை. மென்பொருள், உரிமம் போன்ற, கையால் தொட முடியாத புலனாகாச் சொத்துகளைப் பற்றிய ஏ.எஸ். 26 என்ற தரநிலையே இவற்றுக்கு அடிப்படை.

வெப்சைட் போட ஆறு லட்சம் ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய தொகையைச் சொத்தாகக் காட்டலாம்தானே?

தொகை பெரியது என்பது ஒரு காரணமே அல்ல. தளம் என்ன வேலை செய்கிறது என்பதுதான் முதலில் பார்க்கப்பட வேண்டும். உங்கள் பொருள்களையும் சேவைகளையும் விளம்பரப்படுத்துவதற்காக மட்டுமோ முதன்மையாக அதற்காகவோ உருவான தளம் என்றால், ஆறு லட்சம் ஆனாலும் அறுபது லட்சம் ஆனாலும் முழுவதும் செலவு நேர்ந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்கே போக வேண்டும். அத்தகைய தளம் எதிர்காலத்தில் எவ்வளவு வருமானம் தரும் என்பதை நிறுவனத்தால் காட்ட முடியாது என்பதே இதற்குக் காரணம். அச்சடித்த விளம்பர அட்டையைச் சொத்தாகக் காட்ட முடியாததற்கும் இதே காரணம்தான்.

வாடிக்கையாளர் தளத்திலேயே ஆர்டர் கொடுத்துப் பணம் செலுத்த முடிகிறது என்றாலோ, விற்பனை, இருப்பு, பட்டியல் போடுவது போன்ற அன்றாட வேலைகள் அதன் வழியே நடக்கின்றன என்றாலோ, சொத்தாகக் காட்டுவதற்கான வாய்ப்பு திறக்கிறது. வாய்ப்பு மட்டுமே, எந்தப் பகுதிச் செலவு அதில் சேரும் என்பது அடுத்த கேள்வி.

எங்கள் தளத்தில் விளம்பரமும் இருக்கிறது, ஆர்டரும் வருகிறது. அதை எந்த வகையில் சேர்ப்பது?

ஒரு எளிய சோதனை உண்டு. தளம் நாளைக்கு ஒரு வாரம் முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பெறும் வேலையே நின்றுபோய், ஊழியர்கள் தொலைபேசியிலும் நோட்டிலும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டி வந்தால், அது தொழிலை நடத்தும் கருவி. யாரும் கவனிக்காமலேயே அந்த வாரம் கழிந்துவிடும் என்றால் அது விளம்பரம். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்ற படிவமும் வாட்ஸ்அப் பொத்தானும் இருப்பதால் மட்டும் ஒரு தளம் ஆர்டர் பெறும் தளமாகிவிடாது; பேரம் பேசுவதும் ஆர்டர் முடிவாவதும் வெளியே தொலைபேசியில்தானே நடக்கின்றன.

இரண்டு தன்மையும் உள்ள தளத்தில் பகுதி பகுதியாகப் பார்ப்பதே சரி. ஆர்டர் பெறும் பகுதியின் நிரல் சொத்தாகலாம். அதே தளத்தில் இடம்பெறும் பொருள் விளம்பரப் படங்களும் வாசகங்களும் செலவாகவே இருக்கும். முடிவு எடுக்கப்பட வேண்டியது தளம் முழுவதற்கும் அல்ல, வேலையின் ஒவ்வொரு கூறுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி ஐயங்கள் எழாது.

எந்தத் தேதியிலிருந்து ஆன செலவைச் சொத்தில் சேர்க்கலாம்?

ஏ.எஸ். 26 உருவாக்கப் பணியை ஆய்வுக் கட்டம், மேம்பாட்டுக் கட்டம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. என்ன தேவை என்று ஆராய்வது, மாற்று வழிகளை ஒப்பிடுவது, நான்கு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டுச் செய்முறை விளக்கம் பார்ப்பது, ஆலோசகரைக் கலந்துகொள்வது ஆகியவை முதல் கட்டம். அந்தச் செலவு எப்போதும் இலாப நட்டக் கணக்குக்கே. இரண்டையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றால் எல்லாமே முதல் கட்டத்தில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. எனவே பதிவேடு இல்லாமை எப்போதும் செலவின் பக்கமே முடியும்.

இரண்டாம் கட்டத்தில் ஆறு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறியிருக்க வேண்டும்: வேலை தொழில்நுட்ப ரீதியாக முடியக் கூடியது, முடிக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு உண்டு, முடிந்ததைப் பயன்படுத்தவோ விற்கவோ இயலும், அது எப்படிப் பயன் தரும் என்று காட்ட முடியும், முடிப்பதற்கான பணமும் ஆள்களும் இருக்கின்றன, செலவை நம்பகமாக அளக்க முடியும். இந்த ஆறும் முதன்முதலாக ஒன்றுசேரும் நாள்தான் தொடக்க நாள். சிறு நிறுவனங்களில் இது பெரும்பாலும் இயக்குநர்கள் அல்லது பங்காளிகள் திட்டத்தையும் அதற்கான தொகையையும் ஏற்றுத் தீர்மானம் எழுதிய நாளாக அமையும். அந்தத் தீர்மானம் நான்கு வரியில் இருந்தாலும் போதும்; தேதி மட்டும் அன்றைய தேதியாக இருக்க வேண்டும். மார்ச் முடிந்த பிறகு பின்தேதியிட்டு எழுதப்படும் தீர்மானம், ஒப்பந்தம், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு ஒட்டாமல் நின்று, தணிக்கையில் உடனே வெளிப்பட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்து தந்தார், சில்லறைச் செலவுகள் வேறு இருக்கின்றன. ஒரு உதாரணத்தோடு பிரித்துக் காட்ட முடியுமா?

கரூரில் போர்வை, துண்டு, மேசை விரிப்பு விற்கும் ஒரு சிறு தனியார் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். வெளியூர்க் கடைக்காரர்கள் தாமே ஆர்டர் போட்டுப் பணம் செலுத்தும் தளம் ஒன்றை அது உருவாக்குகிறது. 2024 ஜூலை 1 அன்று இயக்குநர்கள் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள். நவம்பர் 1 அன்று தளம் செயல்படத் தொடங்குகிறது. ஜிஎஸ்டி நீங்கலாக மொத்தச் செலவு 8,54,000 ரூபாய். இதில் சொத்தில் சேருபவை நான்கு: வடிவமைப்புக்கும் நிரல் எழுதவும் ஒப்பந்தக்காரருக்குத் தந்த 4,50,000; பணம் பெறும் வசதியை இணைத்து, டேலியில் உள்ள இருப்புக் கணக்கோடு தளத்தைப் பொருத்தியதற்கான 70,000; தொடங்குவதற்கு முன் நடந்த சோதனைக்கான 30,000; நான்கு மாதமும் பாதி நேரம் இதே வேலையில் இருந்த ஊழியருக்கான சம்பளப் பங்கு 80,000. ஆக 6,30,000 ரூபாய்.

மீதி 2,24,000 சொத்தில் சேராது. ஜூலைக்கு முன் தேவையை ஆராய்ந்த ஆலோசகருக்குத் தந்த 60,000 முதல் கட்டச் செலவு. பொருள்களைப் படம் பிடித்து வாசகம் எழுதிய 55,000 விளம்பரம். தேடுபொறியில் முன்னால் வரச் செய்யவும் இணைய விளம்பரத்துக்கும் ஆன 40,000 கூட அப்படியே. ஊழியர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பயிற்சி தந்த 25,000, பழைய வாடிக்கையாளர் விவரங்களைப் புதிய தளத்தில் ஏற்றிய 20,000 ஆகியவை, தளத்தோடு எவ்வளவு நெருக்கமாகத் தோன்றினாலும், அதை உருவாக்கும் செலவு அல்ல. நவம்பர் 1 முதல் ஓராண்டுக்கான சர்வர் வாடகை 24,000. இதில் ஐந்து மாதத்துக்கான 10,000 மட்டும் அந்த ஆண்டுச் செலவு. 14,000 முன்கூட்டிச் செலுத்திய செலவாக இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும்.

ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் ஒரே வரியில் ‘இணையதளப் பணி’ என்று பில் போட்டுவிட்டால் இந்தப் பிரிப்பு இயலாது. வேலை ஒப்புக்கொள்ளும்போதே பகுதிவாரியாகத் தொகை குறிக்கச் சொல்வது நல்லது. வேலை முடிந்த பிறகு கேட்டால் அவர் உங்களுக்கு எது வசதியோ அதையே எழுதித் தருவார், அதற்குச் சான்று மதிப்பு குறைவு.

மென்பொருளை நானே உட்கார்ந்து எழுதினேன். என் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. சொத்தின் அடக்கவிலை என்பது உண்மையில் நேர்ந்த செலவு. தனி உரிமையாளரோ சம்பளம் பெறாத பங்காளியோ செய்த வேலைக்கு ‘வெளியில் கொடுத்திருந்தால் இரண்டு லட்சம் ஆகியிருக்கும்’ என்று மதிப்புப் போட இடமில்லை. வேலை மதிப்புள்ளதாக இருக்கலாம். கணக்கில் ஏற்ற ஒரு ரூபாய்ச் செலவும் நேரவில்லை.

சம்பளம் பெறும் ஊழியரும், உண்மையாகச் சம்பளம் பெறும் இயக்குநரும் வேறு. அவர்கள் நேரடியாக உருவாக்கப் பணியில் செலவிட்ட நேரத்தின் பங்கு சொத்தில் சேரும். சேர்வதற்கு நேரப் பதிவேடு வேண்டும். மென்பொருள் கருவிகள் எதுவும் தேவையில்லை, எந்த நாளில் எத்தனை மணி நேரம் எந்தப் பகுதியில் வேலை பார்த்தார் என்று வாரம் ஒருமுறை எழுதிக் கையொப்பமிட்ட தாள் போதும். பொது நிர்வாகச் செலவு, வேலை தெரியாமல் வீணான நேரம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: முதலில் எழுதிய நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் எழுதினால், எறியப்பட்ட பாதிக்கான சம்பளம் சொத்தின் அடக்கவிலை ஆகாது.

பணம் முழுவதும் கொடுத்துவிட்டோம். அப்படியிருக்க நிரல் எங்களுடையதா என்ற கேள்வி எதற்கு?

சொத்து என்று சொல்ல அதன் பயன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதபோது உரிமை உங்களுக்கு. வெளி ஒப்பந்தக்காரர் எழுதினால், பணம் தந்தீர்கள் என்பதால் மட்டும் உரிமை மாறாது. எழுத்து மூலமான உரிமை மாற்றம் வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் மாற்றியதாகவும், எல்லையைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. எட்டு ஆண்டுக்குத் தேய்மானம் கணக்கிடுபவர் இதை முதலில் பார்க்க வேண்டும். சட்டம் தரும் உரிமை தீரும் காலத்துக்கு மேல், அதைப் புதுப்பிக்கும் உறுதி இல்லாமல், சொத்தின் ஆயுளை நீட்ட முடியாது.

முழு உரிமை கிடைக்காவிட்டாலும் பயன்படுத்தும் உரிமம் நிலையானதாக எழுத்தில் இருந்தால், அந்த உரிமமே சொத்தாகலாம். ஆனால் நிரல் ஒப்பந்தக்காரரின் சர்வரிலேயே இருந்து, மாதக் கட்டணத்தை நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும் என்றால், நீங்கள் வாங்கியது சேவை. அதற்கான விடை கிளவுட் பற்றிய கேள்வியில் வருகிறது.

எத்தனை ஆண்டில் எழுதி முடிப்பது? கம்பெனிச் சட்டத்தில் இதற்கென்று விகிதம் இருக்கிறதா?

இல்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, புலனாகாச் சொத்துகளைத் தரநிலைக்கே விட்டுவிடுகிறது. பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆயுள் இருக்காது என்பதே ஏ.எஸ். 26இன் அனுமானம். இதைப் பத்து ஆண்டு என்று நிர்ணயித்ததாகப் படித்துவிடக் கூடாது. தொழில்நுட்பம் வேகமாகப் பழசாவதால் மென்பொருளின் ஆயுள் குறுகியதாகவே இருக்கும் என்று அதே தரநிலை சொல்கிறது. சிறு நிறுவனத்தின் இணையதளத்துக்கு மூன்று ஆண்டும், உள்ளே பயன்படும் கணக்கு, இருப்பு மென்பொருளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டும் என்பது என் கருத்தில் நியாயமான எல்லை. உங்கள் பழைய தளம் எத்தனை ஆண்டு ஓடியது என்பதைவிட நல்ல சான்று வேறில்லை.

கரூர் உதாரணத்தில் மூன்று ஆண்டு என்று கொண்டால் மாதத்துக்கு 17,500 ரூபாய். 2024–25இல் தளம் ஓடியது நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம். எனவே தேய்மானம் 87,500, ஆண்டிறுதியில் சொத்தின் மதிப்பு 5,42,500. தொடக்கம் பயன்பாட்டுக்குத் தயாரான நாள். கடைசித் தவணை கொடுத்த நாள் அல்ல. இறுதி மதிப்பு பூஜ்யம் என்றே கொள்ள வேண்டும்; பழைய இணையதளத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை.

அடுத்த ஆண்டு தளத்தில் மாற்றங்கள் செய்தோம். அதையும் கூட்டிக்கொள்ளலாமா?

முன்பு எதிர்பார்த்த பயனுக்கு மேல் கூடுதல் பயன் தரும் மாற்றம் என்றால், அதன் செலவைத் தனியாக அளக்க முடியும் என்றால், கூட்டலாம். பிழை திருத்துவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு, பக்கங்களின் நிறத்தையும் அமைப்பையும் மாற்றுவது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவை இருக்கும் பயனைக் காப்பாற்றுபவை, அவை செலவு. கரூர் கம்பெனி, கடைக்காரர்களுக்கான தளத்தில் ஏற்றுமதி வாடிக்கையாளர் டாலரில் ஆர்டர் போடும் புதிய பகுதியைச் சேர்த்தால் அது சொத்தில் கூடும். அதற்கும் மேலே சொன்ன ஆறு நிபந்தனைகள் பொருந்தும்.

பராமரிப்பும் புதிய பகுதியும் ஒரே மாதப் பில்லில் வரும்போதுதான் சிக்கல். பிரிக்க வழியில்லை என்றால் முழுவதையும் செலவாக எழுதுங்கள்.

மாதச் சந்தா கட்டும் கிளவுட் மென்பொருள் வாங்கினோம். அதை எங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றியமைக்க மட்டும் இரண்டு லட்சம் ஆனது. இதுவாவது சொத்தாகுமா?

சந்தா என்பது சேவைக்கான கட்டணம். அந்தந்தக் காலத்தின் செலவு. மாற்றியமைப்புச் செலவில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மென்பொருள் விற்பவரின் சர்வரில் இருக்கிறது, அவருக்கே சொந்தம், நீங்கள் கட்டுப்படுத்துவது எதுவும் இல்லை. அப்படியிருக்க, அதன் அமைப்புகளை உங்களுக்கேற்ப மாற்ற ஆன செலவு உங்கள் சொத்தை உருவாக்கவில்லை. 2021இல் பன்னாட்டுத் தரநிலைகளின் விளக்கக் குழு இதே முடிவுக்கு வந்தது. அது ஏ.எஸ். பின்பற்றுவோரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் சொத்து இல்லை என்ற அதன் அடிப்படை ஏ.எஸ். 26இலும் உண்டு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கிளவுட் மென்பொருளையும் உங்கள் கிடங்கின் கருவிகளையும் இணைக்க உங்கள் கணினியில் ஓடும் தனி நிரல் ஒன்றை எழுதச் செய்து, அதன் உரிமை உங்களுக்கு வந்திருந்தால், அந்த நிரலின் செலவு தனிச் சொத்தாகலாம்.

இயந்திரத்தோடு வந்த மென்பொருளையும் தனியாகப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். மென்பொருள் இல்லாமல் இயந்திரம் ஓடவே ஓடாது என்றால் அது இயந்திரத்தின் பகுதி. கணினியோடு வரும் இயக்க முறைமையும் அப்படியே. தனியாக வாங்கி ஏற்றிய கணக்கு மென்பொருள் மட்டும் புலனாகாச் சொத்து.

மார்ச் 31 அன்று வேலை பாதியில் நிற்கிறது. கணக்கில் எங்கே காட்டுவது?

சொத்தில் சேரத் தகுதியான செலவை ‘உருவாக்கத்தில் உள்ள புலனாகாச் சொத்துகள்’ என்ற தலைப்பில் காட்ட வேண்டும், தேய்மானம் தொடங்காது. கம்பெனி என்றால், மூன்றாம் அட்டவணையில் 2021இல் வந்த திருத்தத்தின்படி, இந்தத் தொகை எத்தனை நாளாக நிற்கிறது என்ற அட்டவணையையும் தர வேண்டும்: ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு ஆண்டு, இரண்டு முதல் மூன்று ஆண்டு, மூன்று ஆண்டுக்கு மேல். முன்பு சிறு நிறுவனங்கள் கைவிட்ட திட்டங்களை இந்தத் தலைப்பில் ஆண்டுக்கணக்கில் புதைத்துவைக்க முடிந்தது. இப்போது அந்த அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பந்தக்காரரோடு சண்டை வந்து வேலை நின்றுவிட்டால், முடிக்கும் எண்ணமும் வழியும் இருக்கின்றனவா என்று மறுபடி கேட்க வேண்டும். வேறொருவர் அதே நிரலை எடுத்துத் தொடர முடியாது என்றால் முழுத் தொகையும் அந்த ஆண்டே எழுதித் தள்ளப்பட வேண்டும். வழக்குப் போட்டிருக்கிறோம், பணம் திரும்ப வரும் என்பது நிரலைச் சொத்தாக வைத்திருக்கக் காரணம் ஆகாது.

போன ஆண்டு முழுவதையும் செலவாக எழுதிவிட்டோம். இந்த ஆண்டு வங்கிக் கடனுக்கு இலாபம் நன்றாகத் தெரிய வேண்டும். இப்போது சொத்துக்கு மாற்றலாமா?

மாற்ற முடியாது. முந்தைய ஆண்டுக் கணக்கில் செலவாக எழுதப்பட்டதைப் பிறகு சொத்தின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது என்று ஏ.எஸ். 26 வெளிப்படையாகத் தடுக்கிறது. இந்த ஆண்டு நேரும் புதிய செலவுக்கு நிபந்தனைகள் நிறைவேறினால் அதை மட்டும் சொத்தாக்கலாம்.

கடன் தரும் வங்கியின் கணக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். நிகர மதிப்பைக் கணக்கிடும்போது கடன் அதிகாரிகள் புலனாகாச் சொத்துகளைக் கழித்துவிட்டே பார்ப்பது வழக்கம். இலாபத்தில் ஏறியது நிகர மதிப்பில் இறங்கிவிடும். இந்த வித்தையால் கிடைப்பது பெரும்பாலும் அதிகாரியின் கூடுதல் கேள்விகள்தான்.

கணக்கில் சொத்தாகக் காட்டினால் வருமான வரியிலும் அப்படியே காட்ட வேண்டுமா?

அவசியமில்லை. ஒரு செலவு வரிச் சட்டப்படி அனுமதிக்கத் தக்கதா என்பதைக் கணக்குப் புத்தகப் பதிவு முடிவு செய்யாது என்று 1971இல் கேதார்நாத் ஜூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புலனாகாச் சொத்துகளுக்கென்று வருமானக் கணக்கீட்டுத் தரநிலை எதுவும் இல்லை. எனவே இது மூலதனச் செலவா வருவாயினச் செலவா என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37(1) பிரிவையும் தீர்ப்புகளையும் பொறுத்தது. இந்தியன் விசிட் டாட் காம் என்ற பயணச் சேவை நிறுவனத்தின் வழக்கில் இணையதளச் செலவை வருவாயினச் செலவு என்று 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. மென்பொருளைப் பற்றி அதே ஆண்டு ஆம்வே வழக்கில் வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, உரிமை யாருடையது, பயன் எவ்வளவு காலம் நீடிக்கும், தொழிலில் அது என்ன வேலை செய்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும்.

மூலதனம் என்றே காட்டினால், மென்பொருளுக்குக் கணினியோடு சேர்த்து 40% தேய்மானம். உரிமம், பதிப்புரிமை போன்றவற்றுக்கு 25%. இணையதளம் எதில் சேரும் என்பதில் அதிகாரிகளுக்கும் வரி செலுத்துவோருக்கும் இடையே சச்சரவு வருவதுண்டு. கரூர் கம்பெனியின் தளம் அந்த ஆண்டில் 151 நாள் மட்டுமே ஓடியது. 180 நாளுக்குக் குறைவு என்பதால் பாதி விகிதமே கிடைக்கும். 40% தொகுதியில் வைத்தால் 6,30,000இல் 20%, அதாவது 1,26,000. கணக்கில் எழுதியதோ 87,500. வித்தியாசமான 38,500க்கு, 25.168% வரி விகிதத்தில் இருக்கும் கம்பெனி ஏறத்தாழ 9,690 ரூபாயை, வருமான வரியைக் கணக்கில் காட்டுவது பற்றிய ஏ.எஸ். 22இன்படி, பின்னாளில் கட்ட வேண்டி வரும் ஒத்திவைக்கப்பட்ட வரியாகப் பதிய வேண்டும். வரியில் மட்டும் முழு 6,30,000ஐயும் வருவாயினச் செலவாகக் கோரினால் இந்தப் பதிவு பல மடங்காகும். அதைப் பதியாமல் விடுவது அடிக்கடி காணப்படும் குறை.

நான் 44ஏடி பிரிவில் அனுமான வருமானம் காட்டுகிறேன். எனக்கு இந்தத் தலைவலி உண்டா?

வரிக்கு இல்லை. அந்தப் பிரிவில் தேய்மானம் உட்பட எல்லாச் செலவுகளும் ஏற்கனவே கழிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தனியாக எதையும் கோர முடியாது. கவனிக்க வேண்டியது ஒன்றே: பின்னால் அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வந்தால், இடைப்பட்ட ஆண்டுகளின் தேய்மானம் கழிந்ததாகக் கொண்டு மீதிதான் கிடைக்கும். அதற்காக எப்போது எவ்வளவுக்கு உருவாக்கினீர்கள் என்ற பில்லை வைத்துக்கொள்ளுங்கள். எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது.

பில்லில் இருக்கும் 18% ஜிஎஸ்டியைச் சொத்தின் விலையில் சேர்ப்பதா?

உள்ளீட்டு வரி வரவு எடுத்தால் சேர்க்கக் கூடாது. எடுக்க முடியாத நிலையில் இருந்தால், உதாரணமாகக் கூட்டுத் திட்டத்தில் வரி கட்டுபவராக இருந்தால், வரியும் அடக்கவிலையே. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது: வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோரினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு வரவை மறுக்கிறது. கரூர் உதாரணத்தில் 4,50,000க்கு உரிய 81,000 ரூபாய் வரவில் போனது. அதனால்தான் அங்கே அது கணக்கில் வரவில்லை.

பழைய தளத்தின் மதிப்பு இன்னும் புத்தகத்தில் நிற்கிறது. அதற்குள் புதிய தளம் போடுகிறோம். பழையதைப் புதியதன் விலையோடு கூட்டிவிடலாமா?

கூட்டக் கூடாது. பழையதிலிருந்து இனிப் பயன் இல்லை என்றால் அதன் மீதியைப் புத்தகத்திலிருந்து நீக்கி இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். புதிய தளம் தனிச் சொத்து. பழைய நிரலின் ஒரு பகுதி உண்மையாகவே புதியதில் தொடர்ந்து ஓடுகிறது என்று காட்ட முடிந்தால், அந்தப் பகுதியின் மீதியை மட்டும் அதன் மிச்ச ஆயுளுக்கு வைத்திருக்கலாம்.

பலர் தவறவிடுவது, நீக்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றை. 2026 டிசம்பர் 31 அன்று பழைய தளத்தை நிறுத்துவது என்று கரூர் கம்பெனி ஜூலை 1 அன்றே முடிவெடுத்தால், அன்றைக்கு நிற்கும் மீதி 2,80,000 ரூபாய். மாதம் 17,500 என்றே எழுதிக்கொண்டு போனால் டிசம்பர் இறுதியில் 1,75,000 மிஞ்சி, அது திடீர் நட்டமாக வரும். முடிவு எடுத்த நாளிலேயே ஆயுள் ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. எனவே ஜூலை முதல் மாதத்துக்கு ஏறத்தாழ 46,667 என்று எழுதினால் டிசம்பரில் மீதி எதுவும் இருக்காது. இது மதிப்பீட்டு மாற்றம் மட்டுமே. முந்தைய ஆண்டுக் கணக்குகளைத் தொட வேண்டியதில்லை. வருமான வரியில் இந்த நீக்கத்துக்குத் தனிக் கழிவு கிடையாது. தொகை அந்தச் சொத்துத் தொகுதியிலேயே தங்கி, வழக்கமான விகிதத்தில் தேய்ந்துகொண்டிருக்கும்.